பத்து நாளா, ஏழும் ஏழுமா?

தூத்துக்குடியிலிருந்து பட்டர்வொர்த்துக்குக் காய்ந்த மிளகாய் எடுக்கும்போது கன்டெய்னரை அபராதமில்லாமல் வைத்திருக்கக் கப்பல் கம்பெனிகள் இரண்டு விதமாக இலவச நாள் தருவார்கள். ஒன்று, மொத்தமாகப் பத்து நாள். மற்றொன்று, டெமரேஜுக்கு ஏழு, டிடென்ஷனுக்கு ஏழு. சரக்கோடு கன்டெய்னர் துறைமுகத்துக்குள் நாள் கடந்து நின்றால் டெமரேஜ். வெளியே எடுத்தபின் காலிப் பெட்டியைத் தாமதமாகத் திருப்பினால் டிடென்ஷன். பதினாலு பத்தைவிடப் பெரியது என்று நானும் முதலில் இரண்டாவதைத்தான் எடுத்தேன்.

சுகாதாரத் துறை சாம்பிள் எடுத்துவிட்டு முடிவு வரும்வரை நிறுத்தி வைத்தது. ஒன்பதாம் நாள்தான் லோரி வெளியே வந்தது. பத்தாம் நாளே காலிப் பெட்டியைத் திருப்பிவிட்டோம். நாளுக்கு 80 வெள்ளி என்று வைத்தால், இரண்டு நாள் டெமரேஜ் 160 வெள்ளி. டிடென்ஷனில் மிச்சமிருந்த ஆறு நாள் உதவவில்லை. ஒரு பக்கத்து நாளை மறுபக்கம் மாற்ற முடியாது. மொத்தப் பத்தாக இருந்திருந்தால் ஒரு காசும் வந்திருக்காது.

சாம்பிள் சிக்கல் இல்லாத எவர்சில்வர் பாத்திரம் என்றால் கணக்கு புரளும். ஐந்தாம் நாள் வெளியே எடுத்து, கிடங்கில் இடமில்லாமல் பதினோராம் நாள் காலிப் பெட்டியைத் திருப்பினால், மொத்தப் பத்தில் ஒரு நாள் அபராதம். ஏழும் ஏழும் என்றால் ஒன்றுமில்லை. ஆக, உங்கள் தாமதம் வாசலுக்கு உள்ளேயா வெளியேயா என்று பாருங்கள். உணவுப் பொருளுக்கு நான் மொத்தத்தைத்தான் கேட்பேன். விலை பேசும்போதே கேட்டு எழுத்தில் வாங்கிவிட வேண்டும். கப்பல் வந்தபின் கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது.

ஒரு எச்சரிக்கை: துறைமுகம் வாங்கும் சேமிப்புக் கட்டணம் வேறு. கப்பல் கம்பெனி பத்து நாள் தந்தாலும் அந்தக் கடிகாரம் நிற்காது. பொது விடுமுறையும் பல ஒப்பந்தங்களில் நாள் கணக்கில் சேரும். தீபாவளி வாரத்தில் இது வலிக்கும்.

பில் தவறு என்றால்? டெமரேஜில் உடனே சண்டை போட்டுப் பயனில்லை. பணம் கட்டாமல் சரக்கை விடமாட்டார்கள், நாளும் கூடிக்கொண்டே போகும். 'மறுப்புடன் கட்டுகிறேன்' என்று பில் எண்ணோடு மின்னஞ்சல் அனுப்பிவிட்டுக் கட்டி, பிறகு கேட்பதே மலிவு. டிடென்ஷனில் இதற்கு நேர்மாறு: சரக்கு நம் கையில், பெட்டிக்காகக் கட்டிய டெபாசிட் அவர்கள் கையில். அதில் கழிக்கும் முன்பே எழுத வேண்டும்.

போன வருடம் காலிப் பெட்டிகளைத் திரும்ப வாங்கும் ஒரு டிப்போ, இடமில்லை என்று எங்கள் காலிப் பெட்டியைத் திருப்பி அனுப்பியது. அப்புறம் இரண்டு நாள் டிடென்ஷன் பில் வந்தது. டிரைவர் வாசலில் எடுத்த படம், பெட்டி எண், டிப்போ ஆள் அனுப்பிய வாட்ஸ்அப் மூன்றையும் ஃபார்வர்டிங் ஏஜென்ட் வழியாக அனுப்பினேன். முதல் நாளைத் தள்ளினார்கள். இரண்டாம் நாள் லோரி போகவே இல்லை, அதனால் காட்ட ஆதாரமும் இல்லை. அதற்குக் கட்டினேன்.