சாதுரியமா, நகைச்சுவையா, வெறும் அசட்டுத்தனமா?

எழுத்தில் சிரிக்க வைக்கும் இந்த மூன்றும் எப்படி வேறுபடுகின்றன என்பதைச் செட்டிநாட்டுப் பெரிய வீடு ஒன்றை வைத்தே பார்க்கலாம்.

“ஐயா நாலு கட்டு வீடு கட்டினார், பேரன் வீட்டு வரி கட்டுகிறான்.” இது சாதுரியம். ‘கட்டுகிறான்’ என்பதைச் ‘செலுத்துகிறான்’ என்று மாற்றினால் சிரிப்பு செத்துவிடும். அடைப்புக்குறிக்குள் விளக்கினாலும் அதே கதிதான்.

ஆச்சி தினமும் விளக்கு வைத்ததும் சாவிக்கொத்தோடு வளவைச் சுற்றி, ஒவ்வொரு பூட்டையும் இழுத்துப் பார்க்கிறார். உள்ளே இருப்பவை காலி ஊறுகாய் ஜாடிகள். இது நகைச்சுவை. எந்தச் சொல்லில் எழுதினாலும் சிரிப்பு நிற்கும், ஏனென்றால் அது ஆச்சியின் குணத்தில் இருக்கிறது. ஆனால் ‘பாவம், பைத்தியக்கார ஆச்சி’ என்று நீங்களே சேர்த்தால் கெட்டது.

ஆத்தங்குடித் தரையில் வழுக்கிய மாப்பிள்ளை முகப்பைத் தாண்டிப் பாயசத் தவலைக்குள் விழுகிறார். அசட்டுத்தனம். மாப்பிள்ளைக்குப் பதில் யாரை விழவிட்டாலும் ஒன்றுதான். குழந்தைகள் சிரிப்பார்கள், இரண்டாம் முறை விழுந்தால் அவர்களும் சிரிக்கமாட்டார்கள்.