ஃபிளெமிங்கின் இரண்டு கைகளா, ஒரே வலது கையா?

கடலூரில் பிளஸ் டூ மாணவர்களுக்கு இயற்பியல் டியூஷன் எடுக்கிறேன். நிலைமின்னியலுக்கும் காந்தவியலுக்கும் சேர்த்துச் சுருக்கக் குறிப்பு தயாரித்தபோது, திசை விதிகளை எந்த வழியில் கொடுப்பது என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது. மோட்டாருக்கு இடது கை, ஜெனரேட்டருக்கு வலது கை என்று ஃபிளெமிங் வழியில் போகலாம். அல்லது F = q v × B என்ற ஒரே வெக்டர் பெருக்கலையும் ஒரே வலது கையையும் வைத்துக்கொள்ளலாம். நான் இரண்டாவதைத்தான் எடுத்தேன்.

நிலைமின்னியலில் இந்தப் பிரச்சினையே இல்லை. மின்புலக் கோடு நேர்மின்னூட்டத்தில் தொடங்கி எதிர்மின்னூட்டத்தில் முடிகிறது. கோட்டுக்கு வரையும் தொடுகோடுதான் நேர்மின்னூட்டத்தின் மீதான விசையின் திசை. எலக்ட்ரான் என்றால் அப்படியே எதிர்த்திசை. கோட்டை வரைந்தாலே விடை கிடைத்துவிடும், கை தேவையில்லை. காந்தப்புலக் கோடுகளோ தொடக்கமும் முடிவும் இல்லாமல் வளையமாக மூடிக்கொள்பவை. விசையும் கோட்டின் வழியே இருப்பதில்லை, அதற்குச் செங்குத்தாக இருக்கிறது. செங்குத்தில் இரண்டு பக்கம் உண்டே, எந்தப் பக்கம் என்று சொல்லத்தான் கை வேண்டும்.

சில்வர் பீச்சில் கடலிலிருந்து ஊரை நோக்கி, அதாவது கிழக்கிலிருந்து மேற்காக, ஒரு நேர்கம்பி. அதில் 10 ஆம்பியர் மின்னோட்டம். புவிகாந்தப்புலம் நம் பக்கம் ஏறத்தாழக் கிடைமட்டமாக வடக்கு நோக்கியே இருக்கிறது. அளவு சுமார் 4 × 10⁻⁵ டெஸ்லா என்று வைத்துக்கொள்வோம். வலது கை விரல்களை மின்னோட்டத் திசையான மேற்கில் நீட்டி, வடக்குப் பக்கமாக மடக்கினால் பெருவிரல் தரையைக் காட்டும். விசை கீழ்நோக்கி, ஒரு மீட்டர் கம்பிக்கு 4 × 10⁻⁴ நியூட்டன். ஃபிளெமிங் இடது கையில் சுட்டுவிரலை வடக்கிலும் நடுவிரலை மேற்கிலும் வைத்தாலும் பெருவிரல் கீழேதான் காட்டும். இதுவரை இரண்டும் சமம்.

அந்தக் கம்பியை எடுத்துவிட்டு, செங்குத்தாகப் பிடித்த ஓர் உலோகத் தண்டை மேற்கு நோக்கிக் கொண்டு போவதாக வையுங்கள். தண்டோடு சேர்ந்து அதிலுள்ள மின்னூட்டங்களும் மேற்கே போகின்றன. v மேற்கு, B வடக்கு. அதே கை, அதே மடக்கல். நேர்மின்னூட்டத்தின் மீதான விசை கீழே, ஆகவே தண்டின் கீழ்முனை நேர்முனை. ஃபிளெமிங் வழியில் இங்கே வலது கைக்கு மாற வேண்டும். இடது கையையே நீட்டிய மாணவனுக்கு மேல்முனை நேர்முனையாகும். அவன் கணக்கிட்ட மின்னியக்கு விசையின் அளவு சரியாகவே இருக்கும், துருவம் மட்டும் தலைகீழ். அளவு சரியாக வந்துவிடுவதால் அவனுக்குச் சந்தேகமே எழாது. மோட்டாரிலும் ஜெனரேட்டரிலும் மின்னூட்டத்தைத் தள்ளுவது ஒரே விசைதான். அதற்கு இரண்டு கைகளை மனப்பாடம் செய்ய வைப்பது வீண் சுமை என்பதே நான் இந்தப் பக்கம் சாய்ந்ததற்கு முதல் காரணம். v-யும் B-யும் இணையாக இருந்தால் மடக்க இடமே இல்லை, விசை சுழியம் என்பதும் இந்தக் கையிலேயே தெரிகிறது.

குறை இல்லாமல் இல்லை. தேர்வறையில் வலது கையில் பேனா இருக்கும். அதைக் கீழே வைக்கச் சோம்பி இடது கையை மடக்குபவர்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு, குறி மாறிவிடும். அந்த வகையில் ஃபிளெமிங்குக்கு ஒரு வசதி, இடது கை சும்மாதான் இருக்கிறது. இடது கையால் எழுதும் மாணவர்கள் என்னிடம் அதிகம் படித்ததில்லை, அவர்களுக்கு எது எளிது என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். தவிர, "ஃபிளெமிங் இடது கை விதியைக் கூறுக" என்று கேட்டால் அதைத்தான் எழுதியாக வேண்டும்.

எந்தக் கையானாலும் சரிபார்க்கப் படம் உதவும். அதே கம்பியை மேற்கே நின்று கிழக்கு நோக்கிப் பாருங்கள். மின்னோட்டம் நம்மை நோக்கி வருகிறது, ஒரு புள்ளி வையுங்கள். வலது கை பெருவிரல் விதிப்படி அதைச் சுற்றி இடஞ்சுழியாக வட்டங்கள். வெளியே போகப் போக இடைவெளி கூட வேண்டும். வடக்கு நமக்கு இடப்பக்கம். கம்பிக்கு மேலே வட்டத்தின் புலமும் புவியின் புலமும் இடப்பக்கமே போவதால் கோடுகள் நெருங்குகின்றன. கீழே எதிரெதிராகி நலிகின்றன. சரியாக 5 சென்டிமீட்டர் கீழே கம்பியின் புலமும் 4 × 10⁻⁵ டெஸ்லாவாகி, மொத்தப் புலம் சுழியமாகும். நெருக்கமான பக்கத்திலிருந்து நலிந்த பக்கத்துக்குத்தான் கம்பி தள்ளப்படும். கீழேதான்.

கம்பிச்சுருள் அசையாமல் இருக்க, காந்தப்புலம் மட்டும் மாறும் கணக்குகளில் இந்த ஒரே கை போதாது. அங்கே v என்பதே இல்லை. மாற்றத்தை எதிர்க்கும் புலம் எந்தப் பக்கம் என்று லென்ஸ் விதியால் முதலில் கண்டுபிடித்து, பெருவிரலை அந்தப் பக்கம் வைத்தால், மடங்கிய விரல்கள் மின்னோட்டத்தின் திசையைக் காட்டும்.