வேலூர் ஹோட்டலில் ரூபாய் பில், டாலர் ஸ்லிப்

அம்மாவுக்கு சி.எம்.சி.யில் நான்கு நாள் தொடர் பரிசோதனை. குடியாத்தத்திலிருந்து தினமும் போய் வர அவருக்கு முடியாது என்பதால், இந்த முறை வேலூரிலேயே ஒரு ஹோட்டலில் அறை எடுத்தேன். சுத்தமான அறை, லிஃப்ட் உண்டு, வெந்நீர் காலை ஐந்து மணிக்கே வரும், அம்மாவுக்கு ரசம் சாதம் கேட்டால் செய்து தருவார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை. எழுத வேண்டியது ரிசப்ஷனில் கார்டு தேய்த்தபோது நடந்ததைப் பற்றி மட்டும்தான். சிங்கப்பூர், மலேசியா, கனடா என்று எங்கிருந்து ஊருக்கு வருகிறவர்களுக்கும் இது நடக்கலாம்.

ஒரு நாள் வாடகை 3,200 ரூபாய். நான்கு நாளுக்கு 12,800, அதற்கு 5 சதவீதம் ஜி.எஸ்.டி. 640, மொத்தம் 13,440 ரூபாய். முழுவதையும் முன்பணமாகக் கட்டச் சொன்னார்கள். சிங்கப்பூர் வங்கி கார்டைக் கொடுத்தேன். கவுண்டரில் இருந்த தம்பி மெஷினைத் தன் பக்கம் வைத்துக்கொண்டே தொகையைப் போட்டார், ஏதோ ஒரு பட்டனை அழுத்தினார், பிறகு என் பக்கம் திருப்பி, "பின் போடுங்க சார்" என்றார். அம்மா சோபாவில் களைத்துப்போய் உட்கார்ந்திருந்தார். நானும் பின் போட்டுவிட்டு, ஸ்லிப்பை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மேலே போய்விட்டேன்.

அறையில் அம்மாவைப் படுக்க வைத்த பிறகுதான் ஸ்லிப்பை விரித்தேன். மேலே INR 13,440.00. அதற்குக் கீழே, கொஞ்சம் பெரிய எழுத்தில், SGD 210.00. ஒரு டாலருக்கு 64 ரூபாய் என்று விகிதமும் இருந்தது. அன்றைக்கு கார்டு நிறுவனத்தின் விகிதம் ஏறக்குறைய 68. கண்ணுக்கே எட்டாத பொடி எழுத்தில் கடைசியில் ஒரு வரி: எந்த நாணயத்தில் கட்டுவது என்று என்னிடம் கேட்கப்பட்டதாகவும், நானே டாலரைத் தேர்ந்தெடுத்ததாகவும். என்னிடம் யாரும் கேட்கவே இல்லை.

நடந்தது இதுதான். கார்டு எண்ணின் முதல் சில இலக்கங்களை வைத்தே அது எந்த நாட்டு வங்கி கொடுத்தது என்று மெஷினுக்குத் தெரிந்துவிடும். வெளிநாட்டுக் கார்டு என்றால், "ரூபாயிலா, உங்கள் ஊர்ப் பணத்திலா?" என்று திரையில் ஒரு கேள்வி வரும். பதில் சொல்ல வேண்டியவர் கார்டுக்காரர். கடைக்காரர் அவராகவே தேர்ந்தெடுக்கக் கூடாது என்பது கார்டு நிறுவனங்களின் விதி. ரூபாயை விட்டு டாலரை அழுத்தினால், மாற்றும் வேலையை நம் வங்கிக்குப் பதிலாக மெஷின் பக்கத்தில் இருப்பவர்கள் செய்வார்கள். அதற்கு அவர்கள் வைக்கும் லாபம்தான் 68-க்கும் 64-க்கும் உள்ள இடைவெளி.

ரூபாயில் கட்டினாலும் இலவசம் கிடையாது. என் வங்கி வெளிநாட்டுச் செலவுக்கு 3.25 சதவீதம் எடுக்கும். அதையும் சேர்த்துப் போட்டுப் பார்த்தேன்: 68 விகிதத்தில் 197.65 டாலர், கட்டணம் 6.42, மொத்தம் 204.07. டாலர் ஸ்லிப்பில் 210. டாலரிலேயே போட்டதால் வெளிநாட்டுக் கட்டணம் மிச்சம் என்று நினைத்துவிட வேண்டாம். வெளிநாட்டில் சிங்கப்பூர் டாலரில் நடக்கும் பரிவர்த்தனைக்கும் என் வங்கி 1 சதவீதம் போடுகிறது, ஆக 212.10. எட்டு டாலர் வித்தியாசம். பெரிய தொகை இல்லைதான். ஆனால் மாதக்கணக்கில் தங்கி வைத்தியம் பார்க்கிற குடும்பங்கள் இந்த ஊரில் எத்தனை!

கீழே இறங்கிப் போனேன். தம்பி பதறிவிட்டார். "எப்பவும் அந்த பட்டன்தான் சார் அழுத்துவோம், வெளிநாட்டுக் கார்டுன்னா அப்படித்தான்னு சொல்லிக் கொடுத்தாங்க. ரீஃபண்ட் போட்டுடறேன்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. ஆனால் நான் ரீஃபண்ட் வேண்டாம், வாய்டு போடுங்கள் என்றேன்.

இந்த இரண்டு சொல்லுக்கும் உள்ள வித்தியாசத்தை என் மச்சான் வழியாகத்தான் கற்றேன். வேறு ஊர் ஹோட்டலில் இதேபோல 18,000 ரூபாய்க்கு அவரிடம் 300 டாலர் எடுத்திருந்தார்கள். இரண்டு நாள் கழித்து ரீஃபண்ட் வாங்கினார். திரும்ப வந்தது 281 டாலர்தான். ரீஃபண்ட் என்பது பழைய பரிவர்த்தனையை அழிப்பதில்லை. அது தலைகீழாக நடக்கும் புது பரிவர்த்தனை. 18,000 ரூபாய் அன்றைய விகிதத்தில் டாலராக மாறி வந்தது. முதலில் போன லாபம் போனதுதான். வாய்டு அப்படியில்லை. ஹோட்டல் அன்றைய கணக்கை மூடி வங்கிக்கு அனுப்பும் முன்னால், அந்தப் பரிவர்த்தனையையே ரத்து செய்துவிடும். அந்தக் கணக்கு முடிப்பை அவர்கள் செட்டில்மென்ட் என்பார்கள். பெரும்பாலும் இரவில் நடக்கும். அது முடிந்துவிட்டால் வாய்டு போட முடியாது.

அப்போது மணி மாலை ஆறரை. வாய்டு போட ஸ்லிப்பில் உள்ள இன்வாய்ஸ் எண் வேண்டும், மேனேஜர் பாஸ்வேர்டும் வேண்டும். மேனேஜர் சத்துவாச்சாரியில் வீட்டில் இருந்தார். தம்பி போன் செய்ய, அவர் இருபது நிமிடத்தில் வண்டியில் வந்து, மறுபேச்சில்லாமல் போட்டுக் கொடுத்தார். VOID என்று அச்சான ஸ்லிப் கையில் வந்த பிறகுதான் புதிதாகக் கார்டு போட்டேன். இந்த முறை மெஷின் என் கையில். கேள்வி வந்தது, INR அழுத்தினேன். ஸ்லிப்பில் டாலர் என்ற பேச்சே இல்லை.

மூன்று ஸ்லிப்பையும் அங்கேயே போட்டோ எடுத்துக்கொண்டேன். அந்தத் தாளில் எழுத்து சீக்கிரம் மங்கிவிடும். மச்சான் கதையில் வங்கியிடம் புகார் கொடுத்தும் தோற்றது கையெழுத்தால்தான்: "நானே தேர்ந்தெடுத்தேன்" என்ற வரிக்குக் கீழே அவர் கையெழுத்து இருந்தது. கையெழுத்துக் கேட்கிற மெஷினாக இருந்து, ரூபாயில் மாற்றித் தர மறுத்தால், அந்த வரியை அடித்துவிட்டு, "ரூபாயில் கட்ட வாய்ப்புத் தரவில்லை" என்று அவர்களுக்கும் நம் வங்கிக்கும் புரியும் ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். நம் நகலிலும் அப்படியே எழுதி வைத்துக்கொண்டால் புகாருக்குச் சான்று இருக்கும்.

கையில் டாலர் நோட்டு வைத்திருந்தால் ரிசப்ஷனில் நீட்ட வேண்டாம். அனுமதி பெற்ற நாணய மாற்றுக் கடையில் கொடுத்து ரசீது வாங்குவதே சரி. மிஞ்சும் ரூபாயைத் திரும்ப மாற்ற அந்த ரசீது கேட்பார்கள்.

அன்று இரவே சிங்கப்பூரிலிருந்து மனைவி போன் செய்தாள். வங்கிச் செயலியில் இரண்டு தொகை தெரிகிறது, இரண்டு முறை எடுத்துவிட்டார்களா என்று கேட்டாள். இரண்டுமே 'நிலுவை' என்றுதான் இருந்தன. வாய்டு ஆன தொகையும் சில நாள் அப்படி நிற்கும், அதற்குள் புகார் கொடுத்தால் வங்கி எடுத்துக்கொள்ளாது என்று சொல்லிக் காத்திருக்கச் சொன்னேன். ஐந்தாம் நாள் 210 மறைந்தது. 204 டாலர் 7 காசு மட்டும் பதிவாகியிருந்தது.