வாய்வார்த்தையை நம்பி ₹11,640 இழந்தேன்: வாடிக்கையாளருக்கு ஒரு சேவையை மறுத்தால், அதை எழுதி வைக்காமல் அந்த வீட்டை விட்டுக் கிளம்பாதீர்கள்

வீட்டுக்கே அழகுக்கலைஞர்களை அனுப்பும் ஒரு கைபேசிச் செயலியின் வழியாகக் கோவையில் எட்டு மாதங்களாக வேலை செய்துவந்தேன். கடந்த வியாழக்கிழமை ஏழு மாதக் கர்ப்பிணி ஒருவருக்கு முகத்தில் செய்யவேண்டிய இரண்டு வேலைகளை மறுத்தேன். அந்தக் குற்றத்துக்காக, ஆம், அவர்கள் அதைக் குற்றமாகவே பதிவு செய்திருக்கிறார்கள், இன்று திங்கட்கிழமை காலையில் என் கணக்கை மூடிவிட்டார்கள். வாரப் பணத்திலிருந்து ₹6,240 பிடித்தாயிற்று. சேரும்போது கட்டிய வைப்புத் தொகை ₹3,000 திரும்பாது என்கிறார்கள். அவர்களிடமே விலைக்கு வாங்கி, இன்னும் சீல் பிரிக்காமல் என் பீரோவில் இருக்கும் ₹2,400 மதிப்புள்ள கிட்களைத் திரும்ப எடுக்க மாட்டார்களாம். மொத்தம் ₹11,640. என் மகளின் பள்ளிக் கட்டணத்துக்கென்று ஒதுக்கிய பணம் இதற்குள்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு என்பதால் அந்தப் பெண் ஒரு தொகுப்பைப் பதிவு செய்து, ₹6,240 முழுவதையும் முன்கூட்டியே செலுத்தியிருந்தார். பழ அமிலம் வைத்துச் செய்யும் பீல் ஃபேஷியல், முக வாக்ஸிங், கால் வாக்ஸிங், பெடிக்யூர் ஆகிய நான்கும் அதில் அடக்கம். பதிவின்போது செயலி கர்ப்பம் பற்றியும் கேட்பதில்லை, தோலில் என்ன பூசுகிறார்கள் என்றும் கேட்பதில்லை. நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் அவர் கர்ப்பிணி என்பதே எனக்குத் தெரியும்.

கர்ப்பம் என்ற ஒரே காரணத்துக்காக எல்லாவற்றையும் மறுக்கும் ஆள் நான் இல்லை. கால்களில் நரம்புச் சுருட்டலோ புண்ணோ இல்லை என்று பார்த்துக்கொண்டு, அவரை மல்லாந்து படுக்க வைக்காமல் முதுகுக்குத் தலையணை கொடுத்துச் சாய்த்து உட்காரவைத்து, கால் வாக்ஸிங்கையும் பெடிக்யூரையும் செய்து முடித்தேன். கர்ப்பத்தின் பிற்பகுதியில் நெடுநேரம் மல்லாந்து படுத்தால், வயிற்றின் எடை பெரிய இரத்தக் குழாயை அழுத்தித் தலைசுற்றல் வரும் என்பதால் இதில் நான் எப்போதும் கவனமாக இருப்பேன்.

முகத்தைத் துடைத்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. கன்னங்கள் இரண்டிலும் மங்கு படர்ந்திருந்தது, கர்ப்ப காலத்தில் அது பலருக்கும் வருவதுதான். ஆனால் அந்த மங்கின்மீது தோல் வழவழப்பாகச் சிவந்து, மூக்கின் ஓரங்களில் மாவு உதிர்வதுபோல் உரிந்துகொண்டிருந்தது. ஈரப் பஞ்சு பட்டதற்கே "எரியுதுக்கா" என்றார். என்ன பூசுகிறீர்கள் என்று கேட்டேன். தலையணைக்கு அடியிலிருந்து பாதி தீர்ந்த ஒரு டியூபை எடுத்துக் கொடுத்தார். மருந்துக் கடையில் சீட்டு இல்லாமல் வாங்கியதாம், ஆறு வாரமாகத் தினமும் இரவில் பூசுகிறாராம். டியூபைத் திருப்பிப் பார்த்தால், ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டசோன் என்று மூன்றும் இருந்தன.

இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு இதன் பொருள் தெரிந்திருக்க வேண்டும். ட்ரெட்டினாயின் தோலின் மேலடுக்கை வேகமாக உதிரவைக்கிறது. மொமெட்டசோன் ஒரு ஸ்டீராய்டு, நாள்பட முகத்தில் பூசினால் தோலை மெலியவைக்கும். அந்தத் தோலில் வாக்ஸ் பட்டையை ஒட்டி இழுத்தால், முடியோடு சேர்ந்து தோலும் பிய்ந்து, நீர் கசியும் புண்ணாகி, நம் நிறத்துக்கு மாதக்கணக்கில் கருந்தழும்பாக நிற்கும். பீல் அமிலமோ, தடுக்க மேலடுக்கு இல்லாததால், நாம் நினைத்ததைவிட ஆழமாக இறங்கிச் சுட்டுவிடும். போதாக்குறைக்கு, ட்ரெட்டினாயினையும் ஹைட்ரோகுவினோனையும் கர்ப்ப காலத்தில் தவிர்க்கச் சொல்வதுதான் மருத்துவர்களின் வழக்கம். ஆனால் அதைச் சொல்லி ஒரு கர்ப்பிணியைப் பதறவைப்பது என் வேலை இல்லை. மருந்தை நிறுத்து என்று சொல்வதும் என் வேலை இல்லை.

எனவே அவரைக் கண்ணாடி முன் அழைத்துச் சென்று, உரியும் இடத்தைக் காட்டி இப்படிச் சொன்னேன்: "இந்தத் தோல்ல இன்னிக்கு நான் கை வெச்சா, ஞாயித்துக்கிழமை உங்க முகம் செவந்து தோலுரிஞ்சு நிக்கும்மா. அதனால முகத்துக்கு பீலும் வாக்ஸிங்கும் நான் செய்யலை. இந்த டியூபை எடுத்துட்டுப்போய் இன்னிக்கே உங்க டாக்டர்கிட்டக் காட்டுங்க, அவங்க சொல்றபடி செய்யுங்க." அந்தப் பெண் உடனே புரிந்துகொண்டார். மாமியார்தான், "ஏங் கண்ணு, வேணும்னா கையெழுத்துப் போட்டுத் தர்றோம், செஞ்சுடேன். ஊரே வருது" என்றார். நான் மெதுவாகச் சொல்லி மறுத்துவிட்டேன். தீங்கு வரும் என்று எனக்கே தெரிந்த ஒன்றைச் செய்ய, அவர்கள் கையெழுத்து எனக்கு அனுமதி ஆகாது. தோல் பிய்ந்த பிறகு அந்தத் தாள் யாரையும் காப்பாற்றாது. வளைகாப்பன்று தலைக்கு எந்த எண்ணெய், எந்தப் பூ வாசனை ஒத்துக்கொள்ளும் என்று பேசிவிட்டு, சிரித்த முகத்தோடுதான் விடைபெற்றேன். இதுவரை நான் எங்கும் தவறவில்லை.

தவறியது அடுத்த பத்து நிமிடத்தில். நான்கில் இரண்டு வேலைகளை மட்டும் நீக்கச் செயலியில் வழி இல்லை, பாதுகாப்புக் காரணத்துக்காக மறுத்தேன் என்று குறிக்கவும் இடம் இல்லை. சேரும்போது நடந்த பயிற்சியில், "கிளையன்ட் பாதுகாப்புதான் முதல்ல. சந்தேகம் இருந்தா மறுத்துடுங்க, எங்களுக்கு ஒரு ஃபோன் பண்ணிச் சொன்னாப் போதும், பெனால்டி வராது" என்று பயிற்சியாளர் எல்லோர் முன்னிலையிலும் சொன்னது நினைவில் இருந்தது. படிக்கட்டில் நின்றபடி உதவி எண்ணுக்கு அழைத்தேன். 7 நிமிடம் 12 வினாடி பேசியிருக்கிறேன், அழைப்புப் பட்டியலில் இப்போதும் இருக்கிறது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்ட அந்தப் பையன், மிகவும் மரியாதையாக, "மேடம், நீங்க 'சேவையாளரால் இயலவில்லை'ங்கறதை அழுத்தி முழு புக்கிங்கையும் க்ளோஸ் பண்ணிடுங்க. முடிச்ச ரெண்டு வேலைக்கும் நான் புதுசா புக்கிங் போட்டுடறேன். கால் ரெக்கார்ட் ஆகுது, கவலைப்படாதீங்க" என்றான். அந்தக் கடைசி வாக்கியத்தை நம்பி அழுத்தினேன்.

புது புக்கிங் வரவே இல்லை. வாடிக்கையாளருக்கு ₹6,240 முழுவதும் திரும்பப் போனது. மாலையில் செயலி அவருக்கு, சேவை நடந்ததா என்று ஒரு கேள்வியை அனுப்பியிருக்கிறது. முகத்துக்கு நடக்காததை நினைத்து அவர் "இல்லை" என்று அழுத்தியிருக்க வேண்டும். அவர்மீது எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அவர்களின் ஏட்டில், நான் போய்விட்டு ஒரு வேலையும் செய்யாமல் திரும்பியவள் ஆகிவிட்டேன். அதே ₹6,240ஐ என் தலையில் அபராதமாகக் கட்டிவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை முதல் பதினோரு முறை அழைத்துவிட்டேன். ஒருவர் 48 மணி நேரம் காத்திருக்கச் சொன்னார். அடுத்தவருக்கு என் பழைய புகார் எண்ணே திரையில் வரவில்லை. அழைப்புப் பதிவைக் கேட்டுப் பாருங்கள் என்று மன்றாடியபோது, அது உள் பயன்பாட்டுக்கு மட்டும், தரவும் முடியாது, எங்கள் குழுவால் திறக்கவும் முடியாது என்றார் மூன்றாமவர். சனிக்கிழமை பேசிய பெண் கேட்டதுதான் இன்னும் காதில் நிற்கிறது: "மறுத்ததுக்கு எழுத்துல ஏதாவது ஆதாரம் இருக்கா மேடம்?" இல்லை. கர்ப்பிணியின் முகத்தைப் படம் எடுக்க வேண்டாமே என்று நாகரிகமாக விட்டுவிட்டேன். அந்த வாடிக்கையாளரையே சாட்சிக்கு அழைக்கலாம் என்றால், செயலி எண்ணை மறைத்துத்தான் இணைக்கிறது. வேலை முடிந்ததும் அந்த வழியும் அடைந்துவிடுகிறது.

சொந்தமாகப் பார்லர் வைத்திருந்த ஒன்பது ஆண்டுகளும் என்னிடம் நீளமான ஒரு கணக்குப் புத்தகம் இருந்தது. படர்தாமரையோடு வந்தவருக்கு வாக்ஸிங் மறுத்தால்கூட, தேதி போட்டு இரண்டு வரி எழுதி அவரிடமே கையெழுத்து வாங்குவேன். செயலி எல்லாவற்றையும் பதிந்துகொள்ளும் என்று நம்பி அந்தப் பழக்கத்தை விட்டேன். வியாழனன்று செயலியின் அரட்டைப் பெட்டியில் இதை மட்டும் தட்டச்சு செய்திருந்தால் ₹11,640 என்னிடமே இருந்திருக்கும்:

"காலை 10.50. வாடிக்கையாளர் ஏழு மாதக் கர்ப்பம் என்று தெரிவித்தார். கன்னங்களிலும் மூக்கோரத்திலும் சிவப்பு, தோல் உரிதல், ஈரப் பஞ்சுக்கு எரிச்சல். ட்ரெட்டினாயின், ஸ்டீராய்டு கலந்த கிரீம் ஆறு வாரமாகப் பூசுவதாகச் சொன்னார், டியூபைப் பார்த்தேன். முக பீல், முக வாக்ஸிங் இரண்டையும் செய்யவில்லை. கால் வாக்ஸிங், பெடிக்யூர் முடித்தேன். மருத்துவரிடம் காட்டச் சொன்னேன். வாடிக்கையாளர் ஒப்புக்கொண்டார்."

இதில் கண்ணால் பார்த்ததும் அவர் வாயால் சொன்னதும் மட்டும் இருப்பதைக் கவனியுங்கள். "கிரீமால் தோல் கெட்டுவிட்டது" என்று எழுதினால் நான் நோயைக் கணித்தவள் ஆவேன், நாளை அதையே எனக்கு எதிராகத் திருப்புவார்கள்.

விரிவாக ஆலோசனை எழுதலாம் என்றுதான் தொடங்கினேன், ஆத்திரத்தில் கை ஓடவில்லை. இவ்வளவுதான் சொல்ல முடிகிறது. வேலையை மறுத்தால், அந்த வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதே எழுதுங்கள், வாடிக்கையாளரிடம் "சரி" என்று ஒரு பதிலோ கையெழுத்தோ வாங்குங்கள். படம் எடுப்பதானால் கேட்டுவிட்டு எடுங்கள், நம் குழுக்களில் அதைப் பகிராதீர்கள். காரணம் பொருந்தாத பொத்தானை யார் சொன்னாலும் அழுத்தாதீர்கள், அழுத்தும் முன் திரையைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் சொன்ன எதையும் அரட்டையில் திரும்ப எழுதி, அவர்களிடம் பதில் வாங்குங்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது ஒரு குறுஞ்செய்தி வந்தது. உங்கள் புகார் தீர்க்கப்பட்டுவிட்டது, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்கிறது. ₹11,640 வரவில்லை. நாளைக் காலை பத்து மணிக்கு அவர்களுடைய அலுவலகத்துக்கு, அந்த 7 நிமிட அழைப்பைக் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டை அச்செடுத்துக்கொண்டு நேரில் போகிறேன்.