‘ஏழு நாளில் டெலிவரி’யா, தேதி போட்ட அறிவிப்பா?

குன்னூரில் எங்கள் தையல் கடை வாசலில் பல வருடமாக ஒட்டியிருந்தது இதுதான்: “லைனிங் பிளவுஸ் 350, சாதா 180. ஏழு நாளில் டெலிவரி. பண்டிகைக் காலத்தில் தாமதமாகலாம். ஆல்டரேஷன் இலவசம்.” 2024 தீபாவளி வரை இதையே நம்பி ஓட்டினோம். 2025-இல் கடைசித் தேதிகளைப் போட்டு மாற்றி எழுதினேன். என் சாய்வு புதியதன் பக்கம்தான்.

பழையதில் விலையில் குழப்பமே வந்ததில்லை. வம்பெல்லாம் அந்த ‘ஏழு நாள்’ எந்த நாளிலிருந்து என்பதில்தான். துணி கொடுத்த அன்றிலிருந்து வாடிக்கையாளர் எண்ணுவார். அளவு ஜாக்கெட் மூன்று நாள் கழித்து வரும், லைனிங் துணி அதற்கும் பிறகு. லைனிங்கை நனைத்துக் காயவைக்காமல் வெட்டினால் முதல் சலவையிலேயே அது சுருங்கி, மேல் துணி சுருக்கம் சுருக்கமாகத் தூக்கி நிற்கும். கீழே சமவெளியில் அரை நாளில் காய்வது, இங்கே ஐப்பசி மழையில் இரண்டு நாள், சில சமயம் மூன்று. “அக்கா, ஏழு நாள்னுதானே எழுதியிருக்கீங்க?” என்று கேட்டால் பதில் இல்லை.

தேதி போடுவதென்றால் பின்னாலிருந்து எண்ண வேண்டும். இந்த வருடக் கணக்கையே சொல்கிறேன். தீபாவளி நவம்பர் 8, ஞாயிறு. 7-ஆம் தேதியை ஆல்டரேஷனுக்கு மட்டும் விட்டுவிட்டால், கடைசி டெலிவரி 6, கடைசித் தையல் 5. பண்டிகைத் துணியை அக்டோபர் 12-இல் தைக்கத் தொடங்கினால் ஞாயிறுகளும், மெஷினுக்குப் பூஜை போட்டு நிறுத்தும் ஆயுத பூஜை, விஜயதசமி இரண்டு நாளும் போக, 20 வேலை நாள். நான் வெட்ட, தங்கையும் இன்னொரு பெண்ணும் தைக்க, நாளுக்கு ஆறு லைனிங் பிளவுஸ் முடியும். மொத்தம் 120. கரண்ட் போகும் நாட்களுக்கு 20-ஐக் கழித்து, 100-க்கு மேல் வாங்குவதில்லை.

நூறையும் முதலிலேயே நிரப்பிவிடக் கூடாது. எஸ்டேட்டில் வேலை செய்பவர்கள் போனஸ் கைக்கு வந்த பிறகுதான் துணி எடுப்பார்கள். அக்டோபர் 17 கடைசி என்றால் அவர்களுக்குக் கதவைச் சாத்தியது போல. அதனால் 17 வரை 80, பிறகு 28 வரை 20 என்று பிரித்திருக்கிறேன். அந்த இருபதுக்கும் அவசரக் கூலி கிடையாது. தங்கை இன்னும் முணுமுணுக்கிறாள்.

ஆல்டரேஷனில்தான் பழைய அறிவிப்பு எங்களை அதிகம் படுத்தியது. ‘இலவசம்’ என்ற ஒரே சொல்லை நம்பி, போன வருடம் தைத்ததைக்கூடத் தளர்த்தக் கொண்டுவருவார்கள், அதுவும் தீபாவளிக்கு முதல் நாள். இப்போது அளவு ஜாக்கெட்டை வாங்கும்போதே அவர்கள் எதிரில் டேப் வைத்து அளந்து பில்லில் எழுதிவிடுகிறோம். தைத்தது அந்த அளவிலிருந்து கால் இஞ்சுக்கு மேல் விலகினால் தப்பு எங்களுடையது, காசு வாங்குவதில்லை. அளவு சரியாக இருந்து உடம்பு மாறியிருந்தால் 50 ரூபாய்.

எவ்வளவு தளர்த்த முடியும் என்பதையும் எழுதியாக வேண்டும். பக்கத் தையலில் உள்ளே ஒரு இஞ்ச் துணி விடுகிறோம். கால் இஞ்ச் பிடிப்புக்கு வேண்டும், மீதி முக்கால். இரண்டு பக்கத்திலும் முன்துண்டு, பின்துண்டு என நான்கு இடம், ஆக மொத்தச் சுற்றளவில் மூன்று இஞ்சுக்கு மேல் வராது. பட்டில் அதுவும் சந்தேகம். பழைய தையல் பிரித்த ஊசித்தடம் வெளியே தெரியும். கழுத்தை இன்னும் இறக்கலாம், இறக்கியதை ஏற்ற முடியாது.

தேதி அறிவிப்பின் தொல்லை, வருடாவருடம் மாற்றி எழுத வேண்டும். 2024-இல் தீபாவளி அக்டோபர் 31, 2025-இல் 20, இப்போது நவம்பர். பழைய தாளைக் கிழிக்க மறந்தால் அதைவிடக் கேடு இல்லை. பண்டிகை இல்லாத மாதங்களுக்கு ‘ஏழு நாள்’ போதும், எண்ணும் நாளை மட்டும் திருத்தினால். கிறிஸ்துமஸுக்கு இந்த முறையை இன்னும் போட்டுப் பார்க்கவில்லை. தீபாவளியிலும் ஒரே வருட அனுபவம்தான். அந்த ஒரு வருடம் நான் முதல் நாள் இரவு பத்து மணிக்கு வீட்டில் இருந்தேன்.

இப்போது ஒட்டியிருப்பது: “தீபாவளி பிளவுஸ்: அக்டோபர் 17 வரை 80, அக்டோபர் 28 வரை மேலும் 20. எண்ணிக்கை நிறைந்தால் அன்றே நிறுத்தம். துணி, லைனிங், அளவு ஜாக்கெட் மூன்றும் வந்த நாளே கொடுத்த நாள். டெலிவரி நவம்பர் 6-க்குள். 7-ஆம் தேதி மதியம் வரை எங்கள் பிழைகளை மட்டும் சரிசெய்வோம். மற்ற ஆல்டரேஷன் தீபாவளி கழித்து.”