அடுப்படிப் பெட்டிகளுக்குக் கீழே குனிந்து பார்க்காமல் மிச்சப் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்

காரைக்குடிப் பக்கம் பழைய வீடு வைத்திருப்பவர்கள், அதிலும் மூன்றாங்கட்டு அடுப்படியில் மாடுலர் கிச்சன் போட நினைப்பவர்கள், இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். எங்கள் வீட்டில் நடந்தது உங்கள் வீட்டில் நடக்கக்கூடாது.

ஆத்தா ஊரில் தனியாக இருக்கிறார். உட்கார்ந்து சமைக்க முடியவில்லை, நின்று சமைக்கிற மாதிரி மேடை வேண்டும் என்றார். ஒரு கடையில் பேசி முடித்தோம். கடையின் பெயர் வேண்டாம். தெற்குச் சுவரை ஒட்டி 12 அடி நீளம், இரண்டிரண்டு அடியாக ஆறு பெட்டிகள், மேலே கருப்புக் கிரானைட். பெட்டிகள் தரையில் உட்காராது, கூட்டிக் குறைக்கிற கால்களில் நிற்கும், அடியில் வைக்கும் பிளிந்த் பலகையைக் கிளிப்பில் மாட்டிக் கழற்றலாம் என்று சொன்னார்கள். பில்லிலும் அட்ஜஸ்டபிள் லெக் 24, பிளிந்த் கிளிப் 12 என்று தனித்தனியாகப் போட்டிருந்தார்கள். பெட்டிக்கு நாலு கால், முன்கால் ஒன்றுக்கு ஒரு கிளிப். கணக்கு சரிதான். நான் சென்னையில் இருந்தபடியே மிச்சப் பணத்தை அனுப்பிவிட்டேன். நான் செய்த பெரிய தவறு அது.

நாலாவது மாதம் ஆத்தா போனில், "வெள்ளைப் பணியாரம் ஊத்துனா எண்ணெய் ஒரு பக்கமாவே சாயுதுப்பா" என்றார். அடுப்பின் கால் தேய்ந்திருக்கும் என்று விட்டுவிட்டேன். அடுத்த முறை, திறந்து வைத்த இழுப்பறை தானாக மூடிக்கொள்கிறது என்றார். அதற்கும் ஏதோ சமாதானம் சொன்னேன். பொங்கலுக்கு ஊருக்குப் போனபோதுதான் சிங்க்குக்கு முன்னால் இருக்கும் குறுகலான கிரானைட் பட்டையில் மயிரிழை மாதிரி விரிசல் ஓடியிருப்பதைப் பார்த்தேன். கிரானைட் மேடையில் மெலிவான இடம் அதுதான். கீழே தாங்கல் இறங்கினால் முதலில் அங்கேதான் விடும்.

பிளிந்த் பலகையைக் கழற்றிப் பார்க்கலாம் என்று மேல் விளிம்பில் விரலை விட்டு இழுத்தேன். கிளிப்பில் மாட்டியிருந்தால் இரண்டு கையாலும் இழுத்ததும் 'டக்'கென்று ஒவ்வொரு கிளிப்பாக விட்டுக் கொடுத்து வந்துவிடும். இது அசையவே இல்லை. கடைசியில் உளி வைத்து நெம்பித்தான் எடுத்தேன். பின்பக்கம் ஒரு கிளிப்கூட இல்லை. மேலே பெட்டியோடு சேர்த்துச் சின்ன ஆணிகள், இடுக்கெல்லாம் சிலிக்கான். தாழ்வான பக்கத்தில் பலகைக்கும் தரைக்கும் இடையே ஒன்றரை அங்குலச் சந்து விழுந்திருந்தது. அதை வெள்ளை சிமெண்ட் வைத்து அடைத்திருந்தார்கள். கழுவுகிற தண்ணீர் அதில் ஊறி, பலகையின் முனை உப்பி, பிளைவுட் ஏடு ஏடாகப் பிரிந்திருந்தது.

டார்ச் அடித்துப் பார்த்ததும் வயிறு எரிந்தது. முன்வரிசையில் 12 கால்கள் இருந்தன. பின்வரிசையில் இருந்தவை மூன்றே மூன்று. மற்ற ஒன்பது இடத்திலும் வெட்டி எறிந்த பிளைவுட் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி முட்டுக் கொடுத்திருந்தார்கள். சுவர்ப் பக்கத்தைப் பிடித்துக்கொள்ள இரண்டு எல்-கிளாம்ப். எங்கள் சுவர் சுண்ணாம்புக் காரைச் சுவர். அதில் அந்தச் சின்ன ஸ்க்ரூ என்ன பிடிக்கும்? ஒரு கிளாம்ப் ஸ்க்ரூவோடு வெளியே வந்து தொங்கிக்கொண்டிருந்தது. ஈரத்தில் ஊறிய துண்டுகள் நசுங்க, பின்பக்கம் இறங்கிவிட்டது. 12 அடிக்கு 2 அடி, 18 மி.மீ. கனத்தில் கிரானைட் மட்டுமே நூறு கிலோவுக்கு மேல் வரும். அதற்கு மேல் பாத்திரம், அரிசி, கிரைண்டர் எல்லாம் இருக்கிறது.

முன்வரிசையில் இருந்ததும் ஒழுங்கில்லை. இந்தக் கால் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான் இது புரியும். பெட்டியின் அடிப்பலகையில் ஒரு சாக்கெட்டை ஸ்க்ரூ போட்டு முடுக்குவார்கள். அதில் காலின் தண்டு செருகும். தண்டுக்குள் மரை, அதில் திருகுகிற பாதம். பாதத்தைத் திருப்பினால் உயரம் கூடும், குறையும். கூட்டக் கூட்ட மரை வெளியே வந்துகொண்டே இருக்கும். எங்களுக்குப் போட்டது 100 மி.மீ. கால். அதில் 95-லிருந்து 125 வரைதான் பாதுகாப்பாக வைக்கலாம். கடைசி இரண்டு பெட்டிகளில் பாதத்தை அதற்கும் மேலே திருகி இழுத்திருந்தார்கள். இரண்டு சுற்று மரைதான் உள்ளே மிச்சம். ஒரு கால் சாய்ந்தே போயிருந்தது.

கடைக்குப் போன் போட்டேன். "அண்ணே, பழைய வீடு, தரை சரியில்ல. அதுக்கு நாங்க என்ன பண்றது?" என்றார்கள். இதுதான் எனக்குத் தாங்கவில்லை. தரையில் என்ன குறை? அது வேண்டுமென்றே போட்ட சரிவு. அந்தக் காலத்தில் அடுப்படியை வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார்கள், அந்தத் தண்ணீர் மூலையில் இருக்கும் தூம்புக்கு ஓட வேண்டும். அப்படிச் சரிந்த தரையில் பெட்டியை மட்டமாக நிறுத்தத்தான் கூட்டிக் குறைக்கிற கால் என்ற ஒன்றே இருக்கிறது. வேலை ஆரம்பிக்கும் முன் ஒருவர்கூட தரையை அளக்கவில்லை என்று ஆத்தா சொன்னார்.

பிறகு எங்கள் ஊர் ஆசாரியைக் கூப்பிட்டேன். அறுபது வயசுக்காரர். வந்ததும் அவர் செய்த முதல் வேலை, தண்ணீர் நிரப்பிய டியூபைப் பிடித்துச் சுவர் நெடுக ஒரே மட்டத்தில் கோடு போட்டது. இரண்டு அடிக்கு ஒருமுறை அந்தக் கோட்டிலிருந்து தரைவரை அளந்து சுண்ணாம்புச் சுவரிலேயே பென்சிலால் குறித்தார். மேட்டுக்கும் பள்ளத்துக்கும் வித்தியாசம் ஒன்றரை அங்குலமும் ஒரு நூலும். அதாவது ஏறத்தாழ 41 மி.மீ. "தம்பி, இந்தக் காலுல முப்பதுதான் ஏத்தி எறக்கலாம். நாப்பத்தொண்ணுக்கு எப்படி எட்டும்?" என்றார். பத்து நிமிட வேலை. கடைக்காரர்கள் இதைச் செய்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

உயரமான காலாகப் போட்டால் சரியாகிவிடாதா என்று கேட்டேன். 150 மி.மீ. காலும் கடையில் கிடைக்கிறது. ஆனால் அவர் கையில் இருந்தது 145-லிருந்து 175 வரைதான் போகும், அதிலும் முப்பதுதான் ஏற்ற இறக்கம். மேட்டில் 145-ல் ஆரம்பித்தால் பள்ளத்தில் 186 வேண்டும். மேட்டில் 100 காலும் பள்ளத்தில் 150 காலும் கலந்து போடலாமா என்றால், நடுவில் 125-க்கும் 145-க்கும் இடையில் நிற்க வேண்டிய பெட்டிக்கு இரண்டும் பொருந்தாது. ஆகவே கால் வாங்கும்போது அதன் உயரத்தைவிட, எத்தனை மி.மீ. கூட்டிக் குறைக்கலாம் என்பதைக் கேளுங்கள். அந்த எண் உங்கள் தரையின் வித்தியாசத்தைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். கடைசி மரைவரை இழுக்காமல் கொஞ்சம் மிச்சமும் இருக்க வேண்டும்.

ஆசாரி கண்ட வழி எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. விரிசல் விட்ட கிரானைட்டை எப்படியும் மாற்றத்தான் வேண்டும். அந்தப் பழைய கல்லையே சின்னச் சதுரங்களாக அறுக்கச் சொன்னார். மேட்டுப் பக்கத்து முதல் பெட்டியை 97-ல் நிறுத்தினார். நடுவிலிருந்து பள்ளம்வரை உள்ள மூன்று பெட்டிகளுக்கு மட்டும் ஒவ்வொரு காலுக்கு அடியிலும் அந்த 18 மி.மீ. கல்லை டைல் பசையில் ஒட்டினார். நடுவில் தரை 20 மி.மீ. இறங்கியிருந்தது, கல்லைக் கழித்தால் காலுக்கு 99 போதும். கடைசியில் 97-ம் 41-ம் சேர்ந்து 138, கல்லைக் கழித்தால் 120. எல்லாக் காலும் அளவுக்குள் வந்துவிட்டது. கல் தண்ணீரில் ஊறாது, நசுங்காது. பிளைவுட் துண்டுக்கும் இதற்கும் அதுதான் வித்தியாசம். எந்தக் கல்லும் பிளிந்த் பலகையில் இடிக்காதபடி உள்ளே தள்ளி ஒட்டினார்.

சாக்கெட்டுகளையும் இடம் மாற்றினார். கடைக்காரர்கள் அடிப்பலகையின் நடுப்பக்கமாகப் போட்டிருந்தார்கள். மேலே இருக்கும் பாரம் பெட்டியின் பக்கப் பலகை வழியாகத்தான் இறங்குகிறது, ஆகவே சாக்கெட்டின் விளிம்பு அந்தப் பக்கப் பலகைக்கு நேர் கீழே வர வேண்டும் என்றார். இல்லாவிட்டால் பாரம் முழுக்க அடிப்பலகையைப் பிடித்து வைத்திருக்கும் ஸ்க்ரூவில் விழும்.

பிளிந்த் பலகை விஷயத்தில்தான் அவருக்கு அதிக நேரம் பிடித்தது. தரை சரிவு, பெட்டி மட்டம். அப்படியானால் பலகை ஒரு முனையில் குறுகலாகவும் மறு முனையில் அகலமாகவும் இருந்தே ஆக வேண்டும். அகலமான பலகையை மட்டம் பிடித்து நிறுத்தி, ஒரு கட்டைமேல் பென்சிலை வைத்துத் தரையோடு நகர்த்திக் கோடு இழுத்து, அந்தக் கோட்டில் அறுத்தார். அறுத்த விளிம்பில் இரண்டு கை பெயிண்ட், அதற்கு மேல் ரப்பர் பட்டை. பலகையைக் காலுக்கு முன்னால் நிறுத்தி, ஒவ்வொரு முன்காலுக்கும் நேராகப் பின்பக்கம் குறித்து, அங்கே கிளிப்பை ஸ்க்ரூ போட்டார். இந்தக் குறி அரை அங்குலம் தள்ளிப் போனாலும் கிளிப் காலைப் பிடிக்காது. அந்தச் சிரமத்துக்குப் பயந்துதான் ஆணி அடித்துவிட்டுப் போகிறார்கள் போல. இப்போது ஆத்தா மாதம் ஒருமுறை பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டு, பலகையைக் கழற்றி உள்ளே பெருக்கச் சொல்கிறார்.

நீங்கள் இந்த வேலை கொடுப்பதாக இருந்தால், பெட்டி நிறுத்தி முடிந்து பிளிந்த் பலகை மூடுவதற்கு முன்னால் வேலையை ஒரு நாள் நிறுத்தச் சொல்லுங்கள். நேரில் போக முடியாவிட்டால், தரையில் போனை வைத்து ஒவ்வொரு பெட்டிக்கு அடியிலும் டார்ச்சோடு வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பின்வரிசைக் கால்களை எண்ணுங்கள். கிரானைட் ஏறுவதற்கு முன்பே இது நடக்க வேண்டும். ஏறிய பிறகு எங்களுக்கு ஆறு ஆள் வைத்து இறக்க வேண்டியிருந்தது, ஒரு நாள் முழுக்கப் போனது. பலகையை மூடிய பிறகு நீங்களே ஒருமுறை கழற்றி மாட்டிப் பாருங்கள். வரவில்லை என்றால் அங்கே கிளிப் இல்லை. அதுவரை மிச்சப் பணத்தைக் கையில் வைத்திருங்கள்.

கடைக்காரர்கள் போடாத கால்களுக்கும் கிளிப்புக்கும் உரிய பணத்தை ரொம்ப அலைச்சலுக்குப் பிறகு திருப்பிக் கொடுத்தார்கள். கிரானைட்டுக்கும் ஆசாரி கூலிக்கும் கிடைக்கவில்லை.

பணத்தில் தீராத ஒன்று இருக்கிறது. பிளிந்த் பலகையை நிமிர்த்தி நிறுத்துவதற்காகத் தரையில் எல்-கிளாம்ப் வைத்து மூன்று இடத்தில் டிரில் போட்டிருந்தார்கள். அது எங்கள் ஐயா காலத்தில் பதித்த ஆத்தங்குடிக் கல். கண்ணாடி மேல் வண்ணச் சிமெண்டைக் கையால் ஊற்றி, சுடாமல் தண்ணீரில் ஊறவைத்தே செய்கிற கல். அதிர்ச்சியில் ஒரு கல் விளிம்புவரை வெடித்திருக்கிறது. ஆத்தங்குடியில் போய்க் கேட்டேன், அதே பூ வேலைப்பாடு செய்து தரலாம் என்றார்கள். இத்தனை வருஷம் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்துத் துடைத்து ஏறிய அந்தச் சிவப்பு வராது என்றும் சொன்னார்கள். ஆத்தா மாற்ற வேண்டாம் என்றுவிட்டார். துளைகளை மட்டும் சிவப்புச் சிமெண்ட் வைத்து மூடியிருக்கிறோம்.