நாற்பது நிற லெக்கின்ஸும் ஒரு வூகாமர்ஸ் கடையும்: நெடுநாள் பயன்பாட்டுக்குப் பின்

திருப்பூரில் லெக்கின்ஸ், நைட்டி, உள்ளாடை, பிளவுஸ், குழந்தைகள் டி-ஷர்ட் விற்கும் ஒரு சிறு நிறுவனத்தின் இணையக் கடையைச் சில ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். வேர்ட்பிரஸ் மீது வூகாமர்ஸ் நிறுவிய கடை அது. கட்டணம் வசூலிப்பது, கூரியர் இணைப்பு பற்றியெல்லாம் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். பொருள் பட்டியலை எப்படி அடுக்குவது என்பதை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். அதிலும் பெரும்பகுதி லெக்கின்ஸைப் பற்றித்தான். ஒரே துணி, ஒரே தையல், நாற்பது நிறம், ஐந்து அளவு என்று வரும் பொருள் அது. அதற்குப் பொருந்தும் அமைப்பைக் கண்டுபிடித்தால் மற்றவை எளிது.

நான் பொறுப்பேற்றபோது ஆங்கிள் லெக்கின்ஸ் ஒரே பொருளாக இருந்தது. நிறம் ஒரு பண்பு, அளவு இன்னொரு பண்பு, இரண்டும் பெருகி 200 வேரியன்ட். நிர்வாகப் பக்கத்தில் பார்க்க ஒழுங்காகத்தான் இருந்தது. வாங்க வருபவர் பக்கத்தில்தான் கோளாறு. வூகாமர்ஸ் இயல்பாக 30 வேரியன்ட் வரைதான் எல்லா விவரத்தையும் பக்கத்தோடு சேர்த்து உலாவிக்கு அனுப்பும். அதைத் தாண்டினால், நிறத்தையும் அளவையும் தேர்ந்தெடுத்த பிறகே சர்வரிடம் கேட்கும். அதனால் மெரூனில் டபுள் எக்ஸ்எல் தீர்ந்துபோயிருந்தாலும் அந்த அளவு பட்டியலில் வழக்கம்போல் நிற்கும். தேர்ந்தெடுத்த பிறகுதான் இருப்பு இல்லை என்ற செய்தி வரும். இரண்டு முறை அப்படி நடந்தால் மூன்றாவது நிறத்தை யார் முயல்வார்கள்?

அந்த எல்லையை உயர்த்த முடியும். குழந்தைகள் டி-ஷர்ட் போல ஆறு நிறம், எட்டு அளவு என 48 வேரியன்ட் உள்ள பொருள்களுக்காக நானும் உயர்த்தி வைத்திருக்கிறேன்:

```php
add_filter( 'woocommerce_ajax_variation_threshold', function () {
    return 60;
} );
```

200-க்கு இது தீர்வல்ல. எல்லா வேரியன்ட்டின் விலை, இருப்பு, படமுகவரி ஆகியவை பக்கத்தின் எச்டிஎம்எல்லுக்குள்ளேயே திணிக்கப்படும். பழைய கைபேசியில் பக்கம் திறப்பதற்குள் பொறுமை போய்விடும்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஃபில்டரில் இருக்கிறது. ஒருவர் பிரிவுப் பக்கத்தில் ‘மெரூன்’ என்றும் ‘எக்ஸ்எல்’ என்றும் குறியிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மெரூனில் எல் மட்டும் இருக்கிறது, கறுப்பில் எக்ஸ்எல் இருக்கிறது. ஃபில்டர் இந்தப் பொருளைக் காட்டும். இருப்பில் மெரூன் ஏதேனும் உண்டா, எக்ஸ்எல் ஏதேனும் உண்டா என்று இரண்டையும் அது தனித்தனியாகத்தான் பார்க்கிறது. இரண்டும் ஒரே வேரியன்ட்டில் சேர்ந்திருக்கின்றனவா என்று பார்ப்பதில்லை. போதாததற்கு, மெரூன் கேட்டவருக்கு முகப்புப் படமாகக் கறுப்பு லெக்கின்ஸ் நிற்கிறது. மெரூன் இல்லை என்று நினைத்து அவர் போய்விடுகிறார். நிறம் பார்த்து வாங்கும் பொருளில் இது சரியான விற்பனை இழப்பு, அறிக்கை எதிலும் தெரியாத இழப்பு.

ஆகவே லெக்கின்ஸில் ஒவ்வொரு நிறத்தையும் தனிப் பொருளாக்கினோம். அளவு மட்டும் அதற்குள் வேரியன்ட். நாற்பது பொருள், ஒவ்வொன்றிலும் ஐந்து வேரியன்ட். மேலே சொன்ன இரு சிக்கல்களும் ஒரே வீச்சில் போய்விட்டன. ஒரு பொருளுக்கு ஒரே நிறம் என்பதால் அளவு ஃபில்டர் பொய் சொல்ல வழியில்லை. இருப்பு தீர்ந்தவை பட்டியலில் தோன்றாதிருக்க `Hide out of stock items from the catalog` என்ற அமைப்பை மட்டும் இயக்கி வைக்க வேண்டும். படங்களும் சீரடைந்தன. வூகாமர்ஸில் ஒரு வேரியன்ட்டுக்கு இயல்பாக ஒரே படம்தான் வைக்கலாம். தனிப் பொருளுக்கு எத்தனையும் வைக்கலாம்.

எல்லாவற்றையும் இப்படிப் பிரிக்க வேண்டும் என்று சொல்லவில்லை. ஆண்கள் ஜட்டி மூன்று உருப்படிப் பாக்கெட்டாகக் கலந்த நிறத்தில் போகிறது; அங்கே நிறம் ஒரு பண்பாகக்கூட இல்லை. குழந்தைகள் டி-ஷர்ட்டில் தாய்மார்கள் முதலில் அளவைப் பார்க்கிறார்கள், நிறம் பிறகுதான், ஆகவே நிறங்கள் ஒரே பொருளுக்குள் இருக்கின்றன. நைட்டியில் ஒவ்வொரு அச்சும் வேறு. அவை எப்போதும் தனிப் பொருள். கடைக்கு வருபவர் கையில் மேல்சட்டையோடு வந்து ‘இதற்குப் பொருந்தும் நிறம் காட்டுங்கள்’ என்று கேட்கும் வகைத் துணியா என்பதுதான் நான் வைத்திருக்கும் சோதனை. லெக்கின்ஸுக்கு ஆம்.

பிரித்ததற்கு விலையும் கொடுத்தோம். பிரிவுப் பக்கத்தில் ஒரே லெக்கின்ஸ் நாற்பது முறை வரிசையாக நிற்கிறது. மற்ற பொருள்களில் இது எரிச்சலூட்டும். லெக்கின்ஸில் நிற அட்டை மாதிரி உதவுகிறது, ஆனால் ஒரே சாயலில் உள்ளவை அடுத்தடுத்து வரும்படி வரிசையைக் கையால் அமைக்க வேண்டியிருந்தது. வாடிக்கையாளர் மதிப்புரைகள் நாற்பது இடங்களில் சிதறிவிட்டன. இதற்கு நல்ல வழி இன்னும் கிடைக்கவில்லை. ஒரு நிறத்தின் பக்கத்திலிருந்து மற்றவற்றுக்குப் போக, எல்லாவற்றுக்கும் `pa_style` என்ற மறைவான பண்பில் ஒரே மாதிரி எண்ணைக் கொடுத்து, அதே எண் உள்ள பொருள்களின் சிறு வட்டங்களைப் பக்கத்தில் காட்டுகிறோம். கூகுள் ஷாப்பிங் பட்டியலுக்கு அனுப்பும்போது அதே எண்ணையே `item_group_id` ஆகத் தருகிறோம். அங்கே இவை ஒரே குடும்பமாகப் புரிந்துகொள்ளப்படுகின்றன.

நிறத்துக்கு இரண்டு அடுக்கு தேவை. ராமர் பச்சை, பாட்டில் பச்சை, மயில் கழுத்து, வெங்காய நிறம், வாடாமல்லி, சந்தனம், அரக்கு என்று மக்கள் கேட்கும் பெயர்களைப் பொருளின் தலைப்பில் வைத்திருக்கிறோம். இந்த நாற்பதையும் ஃபில்டரில் கொட்டினால் கைபேசித் திரை நிரம்பிவிடும். அதனால் பன்னிரண்டு நிறக் குடும்பங்கள் மட்டும் ஃபில்டரில் தோன்றும். ஒரு நிறம் இரண்டு குடும்பத்தில் இருக்கலாம்: மயில் கழுத்து நீலத்திலும் பச்சையிலும் வருகிறது, வாடாமல்லி ஊதாவிலும் இளஞ்சிவப்பிலும் வருகிறது. எது சரி என்று நிர்வாகத்தில் வாதாடுவதைவிட இரண்டிலும் போட்டுவிடுவது மேல். தேடுபவர் எதை அழுத்துவார் என்று நமக்குத் தெரியாது.

எஸ்கேயுவில் நிறப் பெயரைச் சேர்ப்பதில்லை. சாயப்பட்டறையின் நிற அட்டை எண்ணைத்தான் சேர்க்கிறோம்: `LG-AN-034-XL`. லெக்கின்ஸ், ஆங்கிள், 34-ஆம் நிறம், எக்ஸ்எல். பெயரை ஒரு பருவத்தில் ‘ஒயின்’ என்பார்கள், அடுத்த பருவத்தில் ‘மெரூன்’ என்பார்கள்; எண் மாறாது. கிடங்கில் பெட்டி எடுப்பவருக்கும் எண்தான் வேகம்.

அளவுகளைப் பற்றி ஒரு விதியைப் பிடிவாதமாகக் கடைப்பிடிக்கிறேன்: கடைசி நிலைப் பிரிவு ஒவ்வொன்றுக்கும் ஒரே அளவு அட்டவணை. இரண்டு அட்டவணை தேவைப்பட்டால் அது இரண்டு பிரிவு. லெக்கின்ஸில் எம் முதல் 3எக்ஸ்எல் வரை. குழந்தைகள் உடையில் 20, 22, 24 என்று எண். பிளவுஸில் 32 முதல் மார்பளவு. இவை மூன்றையும் `pa_size` என்ற ஒரே பண்பில் போட்டால், தேடல் முடிவுப் பக்கத்தில் 32-ஐ அழுத்துபவருக்கு 32 அங்குல பிளவுஸும் 32-ஆம் எண் சிறுவர் டி-ஷர்ட்டும் கலந்து வரும். அதனால் மூன்று தனிப் பண்புகள். பிரிவுகளை இரண்டு நிலைக்கு மேல் ஆழமாக்கவில்லை. ‘தீபாவளி வரவு’, ‘தள்ளுபடி’ போன்றவை பிரிவே அல்ல, அவை டேக். பண்டிகை முடிந்ததும் டேக்கை நீக்கினால் போதும், பொருளின் முகவரி அப்படியே இருக்கும்.

பண்புகளை உருவாக்கும்போது இரண்டு சிறு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். வரிசை அமைப்பில் `Custom ordering` தேர்ந்தெடுத்து அளவுகளைக் கையால் வரிசைப்படுத்தாவிட்டால் அவை ஆங்கில அகர வரிசையில் எல், எம், எஸ் என்று நிற்கும். பார்ப்பவருக்குக் கடை பாதியில் விட்டது போலிருக்கும். பண்பின் ஸ்லக்கைத் தமிழில் வைக்காதீர்கள். 28 பைட்டுக்கு மேல் ஏற்காது, தமிழில் ஒவ்வொரு குறியும் மூன்று பைட் என்பதால் ‘நிறக் குடும்பம்’ என்ற பெயரே தாண்டிவிடும். காட்டும் பெயர் தமிழிலும் ஸ்லக் ஆங்கிலத்திலும் இருக்கட்டும்.

நாற்பது பொருளுக்கு விலையை ஒவ்வொன்றாக மாற்ற முடியாது. சிஎஸ்வி கோப்பாக ஏற்றுமதி செய்து, விரிதாளில் திருத்தி, திரும்ப ஏற்றுகிறோம். இந்த இடத்தில்தான் அடிக்கடி பிசகுகிறது. `Attribute 1 global` என்ற பத்தியில் 1 இல்லையென்றால் அந்தப் பண்பு அந்த ஒரு பொருளுக்கு மட்டுமானதாகச் சேமிக்கப்படும். பொருள் பக்கத்தைத் திறந்தால் அளவு ஒழுங்காகத் தெரியும். ஃபில்டரில் எக்ஸ்எல் அழுத்தினால் மட்டும் பொருள் காணாமல் போகும். புதிதாக ஏற்றிய சரக்கு விற்காமல் நின்றால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். இன்னொன்று, விரிதாளில் ஒருவர் XXL என்றும் இன்னொருவர் 2XL என்றும் எழுதுவது. இறக்குமதி எந்தக் கேள்வியும் கேட்காமல் இரண்டையும் தனி அளவாக உருவாக்கிவிடும். ஃபில்டரில் இரண்டும் அருகருகே வந்து, சரக்கு இரண்டாகப் பிரிந்து கிடக்கும். இப்போது விரிதாளில் அந்தப் பத்தியைத் தட்டச்சு செய்ய முடியாது, பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கத்தான் முடியும்.

நிறுத்தப்பட்ட நிறங்களை என்ன செய்வது என்ற கேள்வி ஒவ்வொரு ஆண்டும் வருகிறது. சாயப்பட்டறை ஒரு நிறத்தைக் கைவிட்டால் அந்தப் பொருளை அழிப்பதில்லை. திரும்ப வரும் வாய்ப்பிருந்தால் இருப்பு இல்லை என்று விட்டுவிடுகிறோம். வராது என்று உறுதியானால் பக்கத்தை மறைத்து, அதே குடும்பத்தில் மிக அருகிலுள்ள நிறத்தின் பக்கத்துக்கு 301 திருப்பிவிடல் வைக்கிறோம். பழைய எண்ணை மட்டும் வேறெந்த நிறத்துக்கும் மீண்டும் தருவதில்லை. ஒரு வருடம் கழித்துக் குறைகூறி வரும் பழைய ஆர்டரில் 34 என்றால் எந்த நிறம் என்று தெரிய வேண்டுமே.